லெட்ரோசோல் சாப்பிட்ட மாதங்களில் என் தேதிகள் நகர்ந்த விதம்

எனக்கு பிசிஓஎஸ். தானாக வரட்டும் என்று விட்டால் மாதவிடாய் வர இரண்டு மாதமும் ஆகும், மூன்று மாதமும் ஆகும். அதனால் குழந்தைக்கான சிகிச்சையே, மாதவிடாயை வரவழைப்பதில்தான் தொடங்கியது. கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் 10 மி.கி. மாத்திரையைச் சில நாட்கள் கொடுத்தார்கள். அதை நிறுத்திய ஒரு வாரத்துக்குள் உதிரம் வந்தது. இரண்டாம் நாள் ஸ்கேன் செய்து, சினைப்பையில் பழைய கட்டி எதுவும் இல்லை என்று பார்த்த பிறகு, மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை தினம் ஒரு லெட்ரோசோல் 2.5 மி.கி.

மாத்திரையின் உள்ளே இருந்த துண்டுச்சீட்டைப் படித்துவிட்டு என் கணவர் அரண்டுபோனார். மாதவிடாய் நின்ற பெண்களின் மார்பகப் புற்றுநோய்க்கான மருந்து என்றுதான் அதில் இருக்கும். இந்தியாவில் 2011இல் குழந்தையின்மைக்கு இதைத் தரக்கூடாது என்று தடையே போட்டார்கள். 2017இல் அதை நீக்கினார்கள். இன்று பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் எழுதித்தரப்படுவது இதுதான். இது ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைக் கொஞ்ச நாள் குறைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் மூளைக்கடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எஃப்எஸ்ஹெச் என்ற ஹார்மோனை அதிகமாக அனுப்புகிறது. அதில்தான் முட்டை இருக்கும் பை வளரத் தொடங்குகிறது.

மாத்திரை முடிந்த உடனே முட்டை வந்துவிடாது. பொதுவாகக் கடைசி மாத்திரைக்குப் பிறகு ஐந்து முதல் பத்து நாளில் வெடிக்கும் என்பார்கள். எனக்கு 11ஆம் நாள் ஸ்கேனில் வலது பக்கப் பை 11 மி.மீ. மட்டுமே. அங்கே காத்திருந்த மற்றவர்களுக்கு எல்லாம் 16, 17 என்று எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவர் கவலைப்படவில்லை. வேகம் பிடித்த பிறகு நாளுக்குச் சுமார் 2 மி.மீ. வளரும், 18 தாண்டினால் போதும், அது எந்த நாளில் தாண்டினால் என்ன என்றார். 14ஆம் நாள் 13 ஆனது, 17ஆம் நாள் 19 ஆனது. அன்று பையை வெடிக்கவைக்கும் ஹெச்சிஜி ஊசி போட்டார்கள். ஊசி போட்டு ஏறக்குறைய ஒன்றரை நாளில் வெடிக்க வேண்டும். 19ஆம் நாள் ஸ்கேனில் பை சுருங்கி, பக்கத்தில் கொஞ்சம் நீர் தெரிந்தது. 'வெடிச்சிருச்சு' என்றார்கள்.

அப்புறம் வீட்டில் ஆரம்பித்தது. 28ஆம் நாள் கடந்ததும் அத்தை தினமும் காலையில் 'இன்னும் தலைக்குக் குளிக்கலையாம்மா?' என்று கேட்கத் தொடங்கினார். கேள்வியில் இருந்த ஆசை புரிந்தது. ஆனால் கணக்கு வேறு. முட்டை வெடித்த நாளிலிருந்து ஏறத்தாழ இரண்டு வாரம்தான் மாதவிடாய்க்கான கெடு. முட்டை 19ஆம் நாள் வெடித்தால் மாதவிடாய் 33ஐ ஒட்டித்தான் வரும். 30ஆம் நாள் வராததை 'தள்ளிப்போனது' என்று சொல்லவே முடியாது. இதில் இன்னொரு சிக்கல், ஊசியில் இருப்பதே கர்ப்பத்தில் சுரக்கும் ஹார்மோன். பத்து நாள், சிலருக்கு அதற்கும் மேல், அது உடம்பில் இருக்கும். அதற்குள் சிறுநீர் சோதனை செய்தால் இல்லாத கர்ப்பத்துக்கு இரண்டு கோடு காட்டலாம். அதனால் ஊசி போட்டு இரண்டு வாரம் முடியும்வரை சோதனை வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். எனக்குச் சோதனைக்கே வேலை இருக்கவில்லை. 33ஆம் நாள் உதிரம் வந்துவிட்டது.

அந்த உதிரப்போக்கு எனக்குப் புதிது. முட்டை வராத மாதங்களில் எனக்குப் பழக்கமானது, வலியே இல்லாமல் பொட்டுப் பொட்டாகத் தொடங்கிப் பத்து நாளுக்கு மேல் இழுத்துக்கொண்டே போவது. கர்ப்பப்பைச் சவ்வு ஈஸ்ட்ரோஜனில் மட்டும் வளர்ந்து, தாங்காமல் அங்கங்கே உதிர்வதால் அப்படி. இந்த முறை அடிவயிற்று வலியோடு, முதல் இரண்டு நாள் சிறு ரத்தக்கட்டிகளாக, பிறகு ஐந்தாம் நாள் சுத்தமாக நின்றது. முட்டை வெடித்த பிறகு புரோஜெஸ்டிரோன் சுரந்து, அது ஒரேயடியாகக் குறையும்போது சவ்வு முழுவதும் ஒன்றாகக் கழன்று வருகிறது. அதிகமாகப் போகிறதே என்று பயந்து கேட்டபோது, மணிக்கு ஒரு நாப்கின் என்று தொடர்ந்து நனைந்தால் உடனே வாருங்கள், இது அப்படியில்லை என்றார்கள்.

என் கணவரின் தங்கைக்கு நேர் எதிர். அவளுக்குக் கொடுத்தது குளோமிஃபீன் 50 மி.கி. 'அண்ணி, எனக்கு ரெண்டு நாள்லயே நின்னுருது, சரியா வரலையோ?' என்று கேட்டாள். குளோமிஃபீன் கர்ப்பப்பையிலும் ஈஸ்ட்ரோஜனை வேலை செய்யவிடாமல் தடுப்பதால் சிலருக்குச் சவ்வு மெலிந்துபோகிறது. உடம்பில் பல வாரம் தங்கவும் செய்யும். அவளுக்கும் முட்டை வெடித்த சமயத்தில் சவ்வு 5 மி.மீ.தான் இருந்தது. லெட்ரோசோல் சில நாட்களில் வெளியேறிவிடும் என்பதால் இந்தத் தொல்லை அதில் குறைவு.

நீர்க்கட்டி வந்தது எனக்கு அடுத்த சுற்றில். அதே அளவு மாத்திரை. இடது பக்கப் பை 20 மி.மீ. வந்து ஊசியும் போட்டாயிற்று. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பை அப்படியே நின்றது, இன்னும் பெரிதாக. வெடிக்காமலே புரோஜெஸ்டிரோன் சுரக்கத் தொடங்கிவிடும் பைகள் உண்டாம். எதிர்பார்த்த நாள் வந்தபோது பழுப்பு நிறத்தில் கசிவு மட்டும் சில நாள் இருந்தது. கசிவைப் பார்த்ததும் மாதவிடாய் என்று எடுத்துக்கொள்ளாமல் முதலில் ரத்தத்தில் கர்ப்பச் சோதனை செய்யச் சொன்னார்கள். கருக்குழாயில் தங்கிய கர்ப்பமும் இப்படித்தான் தொடங்கலாம். கர்ப்பம் இல்லை. பிறகு சரியான உதிரம் வந்து, இரண்டாம் நாள் ஸ்கேனில் இடது சினைப்பையில் 34 மி.மீ. நீர்க்கட்டி.

பிசிஓஎஸ்ஸில் சொல்லும் கட்டிகள் உண்மையில் 10 மி.மீ.க்கும் சிறிய, பாதியில் நின்ற பைகள். அவை சும்மா கிடப்பவை. இது வேறு, போன மாத மருந்தின் மிச்சம். இதை வைத்துக்கொண்டு மாத்திரை தொடங்கினால் கட்டி இன்னும் பெரிதாகலாம், அது ஹார்மோன் சுரந்துகொண்டிருந்தால் புதுப் பையும் சரியாக வளராது. அதனால் அந்த மாதம் மாத்திரை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கட்டி கரையக் கருத்தடை மாத்திரை தருவார்களே என்று கேட்டேன். அது கரைவதை வேகப்படுத்துவதாக ஆய்வுகளில் தெரியவில்லை, பெரும்பாலும் ஒன்றிரண்டு சுற்றில் தானே வற்றிவிடும் என்றார். ஒரு பக்கமாகத் திடீரென்று தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால் மட்டும் இரவானாலும் கிளம்பி வந்துவிட வேண்டும்; கட்டியின் கனத்தில் சினைப்பை முறுக்கிக்கொண்டால் ரத்தவோட்டம் நின்றுவிடும். எடை தூக்குவது, குதித்து உடற்பயிற்சி செய்வது இரண்டையும் நிறுத்தச் சொன்னார்.

மாத்திரை இல்லாத மாதம் என்பதால் என் உடம்பு பழைய குணத்துக்குத் திரும்பியது. நாற்பது நாள் கடந்தும் எதுவும் இல்லை. மறுபடி சோதனை, மறுபடி மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன். இரண்டாம் நாள் ஸ்கேனில் கட்டி இருந்த இடமே தெரியவில்லை. மறுநாள் மீண்டும் லெட்ரோசோல் தொடங்கினேன்; ஊசிக்குப் பிறகான ஸ்கேனை இந்த முறை ஒரு நாள் தள்ளி வைத்திருக்கிறார்கள்.