i அடுக்கு வந்தால் ஒரு மதிப்பெண் உறுதி, ஆனால் இந்த நான்கு இடங்களில் கவனம்

ரிசல்ட் வந்துவிட்டது. அடுத்து பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு எழுதப் போகிறவர்களுக்காக, கலப்பெண்கள் பாடத்திலிருந்து ஒரே ஒரு சங்கதி. இருபது ஒரு மதிப்பெண் வினாக்களில் i-இன் அடுக்கு கேட்டால் அரை நிமிடம்கூட ஆகக்கூடாது. ஆனாலும் இதில்தான் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் மதிப்பெண்ணை விடுகிறார்கள். சுழற்சி தெரியாமல் விடுவதில்லை. i, −1, −i, 1 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். சுழற்சியை எங்கே வெட்டுவது என்பதில்தான் சறுக்கல்.

மனதில் நிறுத்த வேண்டியது இவ்வளவுதான்: i⁴ = 1 என்பதால் அடுக்கோடு 4-இன் எந்த மடங்கையும் கூட்டலாம், கழிக்கலாம், மதிப்பு மாறாது. கழிக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். கூட்டலாம் என்பதை யாரும் பயன்படுத்துவதில்லை. என்னைக் கேட்டால் இந்தப் பகுதியின் சூட்சுமமே அந்தக் கூட்டலில்தான்.

முதலில் சுலபமானது. பயிற்சி 2.1-இல் வரும் i¹⁹⁴⁷ + i¹⁹⁵⁰. 1947 முழுவதையும் 4-ஆல் வகுக்க உட்காராதீர்கள். 100 நான்கால் மீதியின்றி வகுபடும்; அதனால் கடைசி இரண்டு இலக்கம் போதும். 47-க்கு மீதி 3, எனவே −i. 50-க்கு மீதி 2, எனவே −1. விடை −1 − i. மீதி 0 வந்தால் மதிப்பு 1. அவசரத்தில் அங்கே 0 என்று எழுதுகிறவர்கள் உண்டு. மீதியை அடுக்கில் வைத்துத்தான் மதிப்பு காண வேண்டும், மீதியே மதிப்பாகிவிடாது.

இனி எதிர் அடுக்கு. i⁻¹⁸⁶⁹ என்று பார்த்ததும் பெரும்பாலோர் 1/i¹⁸⁶⁹ என்று எழுதி, 1/i ஆக்கி, மேலும் கீழும் இணை எண்ணால் பெருக்கப் போவார்கள். வழி சரிதான். ஆனால் மூன்று வரி. ஒவ்வொரு வரியிலும் ஒரு குறி தொலைய வாய்ப்பு. இன்னொரு கூட்டம் 69-க்கு மீதி 1, ஆகவே விடை i என்று கழித்தல் குறியையே மறந்துவிடும். கொடுத்த நான்கு விடைகளில் i, −i இரண்டும் இருக்கும் என்பதால் தவறு தவறாகவே தெரியாது.

கூட்டிப் பாருங்கள். −69-உடன் அதற்கு அடுத்த 4-இன் மடங்கு 72-ஐக் கூட்டினால் 3. i³ = −i. முடிந்தது, பின்னமும் இல்லை, இணை எண்ணும் இல்லை. அதே பயிற்சியின் i¹⁹⁴⁸ − i⁻¹⁸⁶⁹ இப்போது 1 − (−i) = 1 + i. (−i)ⁿ வந்தாலும் இதே வழிதான், ஏனென்றால் −i என்பதே i⁻¹. (−i)²⁶ என்றால் i⁻²⁶. 28-ஐக் கூட்டினால் i², அதாவது −1. அடைப்புக்குறி இல்லாமல் −i²⁶ என்று அச்சாகியிருந்தால் விடை +1. வினாத்தாளில் அந்த அடைப்புக்குறியை ஒருமுறை விரலால் தொட்டுப் பாருங்கள்.

அடுத்தது கூட்டல் தொடர். அடுத்தடுத்த நான்கு அடுக்குகளைக் கூட்டினால் 0, எங்கே தொடங்கினாலும் சரி. இதைப் பயன்படுத்தும்போது எண்ண வேண்டியது உறுப்புகளின் எண்ணிக்கையை, கடைசி அடுக்கை அல்ல. n = 1 முதல் 100 வரை iⁿ-இன் கூடுதல் 0. n = 0 முதல் 100 வரை என்றால் உறுப்புகள் 101; ஒன்று மிஞ்சும்; விடை 1. கீழே இருப்பது 0-வா 1-ஆ என்று பார்க்காமல் 0-ஐக் குறித்துவிட்டு வருகிறவர்கள் ஏராளம்.

புத்தகத்தில் திரும்பத் திரும்பப் பார்த்த ஒன்றையே முழுதாகப் போடுவோம்: n = 1 முதல் 13 வரை (iⁿ + iⁿ⁻¹). பதின்மூன்று அடைப்புகளையும் விரிக்க வேண்டாம், இரண்டு தொடராகப் பிரியுங்கள். முதல் தொடரின் அடுக்குகள் 1 முதல் 13 வரை. பதின்மூன்று உறுப்பில் பன்னிரண்டு அடிபடும்; மிஞ்சுவது i¹³ = i. இரண்டாவதன் அடுக்குகள் 0 முதல் 12 வரை. இங்கும் பதின்மூன்று உறுப்புதான், பன்னிரண்டு அல்ல. மிஞ்சுவது i¹² = 1. விடை 1 + i. இரண்டாவது தொடரைப் பன்னிரண்டு உறுப்பு என்று எண்ணிவிட்டால் விடை i என்று வரும். அதுவும் கொடுத்த விடைகளில் தயாராகக் காத்திருக்கும்.

மிஞ்சும் உறுப்பை முன்னாலிருந்து எடுப்பதா பின்னாலிருந்து எடுப்பதா என்று சந்தேகம் வேண்டாம். iⁿ⁺⁵⁰, n = 1 முதல் 10 வரை என்றால் அடுக்கு 51 முதல் 60 வரை; இரண்டு மிஞ்சும். முதல் இரண்டு (51, 52) எடுத்தாலும் −i + 1, கடைசி இரண்டு (59, 60) எடுத்தாலும் −i + 1. நேரமிருந்தால் இரு முனையிலும் போட்டுப் பார்ப்பதே சரிபார்ப்பு.

பெருக்கல் தொடரில்தான் பெரிய பொறி. கூட்டலில் நான்கு நான்காக அடித்துப் பழகிய கை, பெருக்கலிலும் அதையே செய்யும். i·i²·i³·i⁴ என்பது 1 அல்ல; அடுக்குகளைக் கூட்டினால் 10, i¹⁰ = −1. i·i²·i³···i²⁰⁰⁰ கேட்டால் நான்கு நான்காக 1 என்று அடித்தவருக்கும் விடை 1 என்றே வந்துவிடும். 500 தொகுதி என்பது இரட்டைப்படை, அதனால் (−1)⁵⁰⁰ தப்பைக் காப்பாற்றிவிடுகிறது. அந்தக் கணக்கை மட்டும் போட்டுப் பழகியவர், தேர்வில் இருபதாவது அடுக்கு வரை என்று மாற்றிக் கேட்டால் மாட்டிக்கொள்வார். n(n+1)/2 போடுங்கள்: 20 × 21 / 2 = 210, மீதி 2, விடை −1.

விடையை எழுதுமுன் ஒரு பார்வை:

- ஒரே ஒரு iⁿ கேட்டு, அடுக்கு ஒற்றைப்படை என்றால் விடை i அல்லது −i. இரட்டைப்படை என்றால் 1 அல்லது −1. இதிலேயே இரண்டு விடைகள் கழிந்துவிடும்.
- iⁿ + 1/iⁿ-இல் n ஒற்றைப்படையானால் விடை எப்போதும் 0. i⁵⁹ + 1/i⁵⁹ பார்த்ததும் சொல்லலாம்.
- (1+i)/(1−i) என்பது i. அதற்கு மேல் அடுக்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயமில்லை.
- (1+i)² = 2i. ஆகவே (1+i)⁸ = (2i)⁴ = 16. இங்கே i மட்டும்தான் சுழலும். 2 வளர்ந்துகொண்டே போகும். அதை விட்டுவிட்டு 1 என்று எழுதாதீர்கள்.
- விடைக் குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுத வேண்டும். −i-க்கு முன்னால் உள்ள கோடு மை பிடிக்காமல் போனால் அது i ஆகிவிடும், அழுத்தி எழுதுங்கள்.