வயலும் கடலும்: ட்ரோன் கிளிப்புகளின் வேகத்தை ஒன்றோடொன்று பொருத்திய விதம்

கையில் இருந்தவை நொடிக்கு 50 ஃபிரேமில் எடுத்த 4கே கிளிப்புகள், பாதி வயல், பாதி கடற்கரை. இவற்றிலிருந்து 3 நிமிட நிதானமான படம் வேண்டும். எடிட்டிங்கில் முதலில் முடிவு செய்தது டைம்லைனின் ஃபிரேம் ரேட். 25 என்று வைத்தால், 50 சதவீத வேகத்தில் ஓடும்போது கேமரா பதிந்த ஒவ்வொரு ஃபிரேமும் ஒருமுறை வரும். மென்பொருள் எதையும் இட்டுக்கட்டி நிரப்ப வேண்டியதில்லை. 60இல் எடுத்தவர்கள் டைம்லைனை 30இல் வைத்தால் இதே கணக்கு. டாவின்சி ரிசால்வில் கிளிப்புகள் உள்ளே வந்தபின் புராஜெக்டின் ஃபிரேம் ரேட் பூட்டிக்கொள்ளும் என்பதால், இதை முன்பே செய்துவிட வேண்டும்.

இன்னும் மெதுவாக, 30 சதவீதத்துக்கு இறக்கலாமே என்று ஆசை வரும். அப்போது Optical Flow துணைக்கு வரும். இரண்டு ஃபிரேமுக்கு நடுவே இல்லாத ஒன்றை அது உருவாக்கும். மொட்டைத் தரைக்கு மேல் பறந்த ஷாட்டில் சமாளித்துவிடுகிறது. அலை நுரையில் முடியாது. புள்ளிகள் தோன்றி மறைவதால் எதைப் பின்தொடர்வது என்று தெரியாமல் நுரை கூழாக இழுபடும். நாற்று வரிசைகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் ஒரு வரிசையை அடுத்ததாக எடுத்துக்கொண்டு விளிம்பில் நெளியும். அதனால் 50 சதவீதத்துக்குக் கீழே எந்த ஷாட்டையும் இறக்கவில்லை.

அடுத்தது வெட்டுவது. ட்ரோன் கிளம்பும்போது முதல் சில நொடி வேகம் ஏறிக்கொண்டே இருக்கும். நிற்கும்போது முகம் தூக்கி பிரேக் போடும், கிம்பல் அதைச் சரிக்கட்டினாலும் சட்டகத்தில் சிறு அசைவு தங்கிவிடும். 20 நொடி கிளிப்பில் முன்னே 3, பின்னே 2 நொடி போக 15 மிஞ்சும். பாதி வேகத்தில் அது 30 நொடி. அதில் நன்றாக இருக்கும் 12 நொடியை மட்டும் எடுத்தேன். ஒவ்வொரு ஷாட்டும் ஏறக்குறைய இந்த நீளம் என்றால் 3 நிமிடத்துக்கு 15 ஷாட் போதும். 40 கிளிப்பையும் காட்ட நினைத்தால் அங்கேயே நிதானம் போயிற்று.

உண்மையில் நேரம் பிடித்தது வேகத்தைப் பொருத்துவதுதான். கேமராவை நேர் கீழே பார்க்க வைத்து ஒரே வேகத்தில் பறந்தாலும், 10 மீட்டர் உயரத்தில் தரை 30 மீட்டரில் ஓடுவதைப் போல மூன்று மடங்கு வேகமாக ஓடும். இரண்டையும் பாதியாக்கி அடுத்தடுத்து ஒட்டினால் ஒன்று விரையும், மற்றது நின்றுவிட்டதுபோல் தெரியும். திரையின் மேல் விளிம்பில் நுழையும் ஒரு வரப்பு கீழ் விளிம்பைத் தொட எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுவதே நான் நம்பும் அளவுகோல். தாழ்ந்த ஷாட்டில் அது 4 நொடி, உயர்ந்த ஷாட்டில் 12. தாழ்ந்ததைப் பாதி வேகத்தில் ஓட்டினால் 8; உயர்ந்ததை அப்படியே முழு வேகத்தில் விட்டேன். 8க்கும் 12க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண் பொறுத்துக்கொள்ளும். உயர்ந்ததையும் பாதியாக்கியிருந்தால் 24, அதாவது மூன்று மடங்கு.

முழு வேகத்தில் விடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 25 டைம்லைனில் ஒன்றுவிட்டு ஒரு ஃபிரேம் கழிந்துபோகும். ஷட்டர் 1/100இல் எடுத்திருந்தால் பாதி வேகத்தில் அசைவின் மங்கல் சரியாக இருக்கும், முழு வேகத்தில் கொஞ்சம் குறையும். உயரத்திலிருந்து எடுத்ததில் அது தெரியாது. வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் இல்லாமல் 1/1000இல் எடுத்த தாழ்ந்த ஷாட்டில் வரப்புகள் தட்டித்தட்டி நகரும். அதை எடிட்டிங்கில் முழுமையாகச் சரிசெய்ய வழியில்லை, ஒதுக்கிவைப்பதே மேல்.

கடல் ஷாட்டுகளில் தொடுவானம் சாய்ந்திருந்தது. ஸ்டெபிலைசரை ஓட்டினால் அது அலையைப் பிடித்துக்கொண்டு தொடுவானத்தையே வளைத்துவிடும். கையால் 1 டிகிரி திருப்பினாலே போதுமாயிற்று. 16:9 சட்டகத்தில் மூலைகள் கறுப்பாகாமல் இருக்க 3.1 சதவீதம் பெரிதாக்க வேண்டும். 1080 டைம்லைனில் 4கே கிளிப் என்பதால் தெளிவு குறையவில்லை.

வயலிலிருந்து கடலுக்கு மாறும் இடத்தில் மட்டும் 2 நொடி டிஸ்ஸால்வ், அதுவும் இரண்டு ஷாட்டும் ஒரே திசையில் நகரும்போது. மற்ற இடமெல்லாம் நேர்வெட்டு. எதிரெதிர்த் திசையில் நகரும் ஷாட்டுகள் டிஸ்ஸால்வில் கலந்தால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

ஒலி கடைசியில். பாதி வேகத்தில் அலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி இரட்டிப்பாகிவிடும். தனித்தனியாக மோதும் அலைச் சத்தத்தைப் போட்டால், திரையில் அலை உடையுமுன்பே சத்தம் வந்துவிடும். தூரத்திலிருந்து பதிந்த, விட்டுவிடாமல் இரையும் கடலொலி பொருந்தியது.