மூன்றாவது கையெழுத்து

உள்தணிக்கைக்காக ஆறு மாதம் வேறொரு கிளையின் பண்டகசாலையில் உட்கார வைக்கப்பட்டேன். இரண்டாம் நாளே ஒன்று கண்ணை உறுத்தியது. சரக்கு வெளியே போகும் ஒவ்வொரு சீட்டிலும் மூன்று கையெழுத்துகள். வாங்கியவர், கொடுத்தவர் சரி. மூன்றாவது யாருக்கு? அதற்காக எழுத்தர் தினமும் பத்துப் பன்னிரண்டு முறை மாடியேறி இறங்கினார். கேட்டால், "அது எப்போதும் அப்படித்தான் சார்" என்றார். அவர் மறைக்கவில்லை, அப்படியொரு கேள்வி அவருக்கு எழுந்ததே இல்லை.

ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் 1908இல் அந்நியனைப் பற்றி எழுதியது இந்த இடத்துக்குப் பொருந்தும். அவர் சொல்லும் அந்நியன் வழிப்போக்கன் அல்ல. இன்று வந்து நாளையும் தங்குகிறவன். கூட்டத்துக்குள்ளேயே இருப்பான், ஆனால் அதன் வேர்களோடு பிணைப்பு இருக்காது. யார் பக்கமும் சாய வேண்டிய கட்டாயம் இல்லாததால்தான் பழைய இத்தாலிய நகரங்கள் நீதிபதியை வெளியூரிலிருந்து அழைத்தன என்கிறார். உள்ளூர்க்காரர் என்றால் ஏதோ ஒரு குடும்பத்தின் ஆளாகிவிடுவார்.

நானும் எந்தக் குடும்பத்தின் ஆளும் அல்ல. மூன்றாவது கையெழுத்து வீண் என்று குறித்துக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து, ஒரு மாலை, எல்லோரும் போன பிறகு எழுத்தர் ஒரு கட்டுச் சீட்டை என் முன் பிரித்தார். சில கையெழுத்துகளின் கீழே தேதி இருந்தது, சிலவற்றில் இல்லை. தேதி போட்டிருந்தால் அதிகாரி சரக்கைக் கண்ணால் பார்த்திருக்கிறார். இல்லையென்றால் பார்க்காமலே போட்டது. இருப்புக் குறையும்போது எந்தச் சீட்டிலிருந்து தேட வேண்டும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். நூற்றுக்கணக்கான சீட்டுகளைப் புரட்டியிருந்த எனக்கு எல்லாம் ஒரே கிறுக்கலாகத்தான் தெரிந்தன.

பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லாததை என்னிடம் ஏன் சொன்னார்? நான் போய்விடுவேன் என்பதால்தான். அந்நியரிடம் மனிதர்கள் பாவமன்னிப்புக் கேட்பதுபோல மனம் திறப்பார்கள் என்பதையும் சிம்மல் கவனித்திருக்கிறார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். தணிக்கைக்காரனுக்குக் கை சும்மா இருக்காது. இவ்வளவு நல்ல ஏற்பாட்டை முறைப்படுத்தலாமே என்று, 'பார்த்தேன்', 'பார்க்கவில்லை' என இரண்டு கட்டங்கள் அச்சிட்ட புதிய சீட்டைப் பரிந்துரைத்தேன். அறிக்கையில் எழுத்தரின் பெயரை எழுதவில்லை. அந்த மட்டுக்கு எனக்குப் புத்தி இருந்தது.

சீட்டு நடைமுறைக்கு வந்த நாள் முதல் எல்லாவற்றிலும் 'பார்த்தேன்' என்றே குறி விழுந்தது. பார்க்கவில்லை என்று தன் கையாலேயே அச்செழுத்தின் மேல் யார் குறியிடுவார்? தேதி போடாமல் விடுவது, சொல்லாமல் சொல்லும் உண்மை. கட்டம் வந்ததும் அது போய்விட்டது. அடுத்த முறை இருப்புக் குறைந்தபோது எங்கிருந்து தேடுவதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

வெளியிலிருந்து வந்தவன் கெடுத்துவிட்டான் என்று பேசிக்கொண்டார்களாம். கலகம் எழுந்தால் வெளியாள் தூண்டியது என்று சொல்வது பழைய வழக்கம் என்பார் சிம்மல். என் விஷயத்தில் அது பொய் இல்லை.