நான் சேர்க்காத 500 ரூபாய்

"அவங்க வெட்டட்டும்க்கா. நீங்க ஏன் வெட்டுறீங்க?" என்று, தன் அம்மாவின் பணிக்கொடை விண்ணப்பத்தில் நான் 500 ரூபாயைச் சேர்க்காததைப் பார்த்துத் தம்பி கேட்டான். சட்டப்படி அது ஊதியத்தில் சேராது என்றேன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடுவதாக இல்லை.

அவன் கூடப் பிறந்தவன் இல்லை, எங்கள் கிடங்கில் மேற்பார்வையாளன், எஸ் பாஸ் வேலை அனுமதியில் வந்தவன், ஊர் கோலார் தங்கவயல். அவன் அம்மா அங்கே 30 ஆண்டு அங்கன்வாடி ஊழியர். 2022-ல் ஓய்வு. அலுவலகத்தில் கேட்டால், "நீங்க வாங்கினது மதிப்பூதியம்தானே, பணிக்கொடை எப்படி வரும்?" என்றிருக்கிறார்கள். சிங்கப்பூரில் சம்பளக் கணக்கு பார்க்கிறவள் என்பதால் என்னிடம் வந்தான்.

ஒரு காலத்தில் அந்தப் பதிலுக்கு ஆதாரம் இருந்தது. அங்கன்வாடி ஊழியர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்ல என்று 2006-ல் இந்திய உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆனால் 25 ஏப்ரல் 2022-ல், குஜராத்தின் தாஹோத் மாவட்ட ஊழியர்கள் தொடுத்த வழக்கில் அதே நீதிமன்றம், 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும், மதிப்பூதியமும் அந்தச் சட்டம் சொல்லும் ஊதியம்தான் என்று தீர்ப்பளித்தது. அரசுப் பதவி இல்லை, ஆனால் பணிக்கொடை உண்டு. இரண்டும் சேர்ந்தே நின்றன.

சரி, விண்ணப்பம் போடலாம் என்று பணிக்கொடை கேட்கும் 'I' படிவத்தை எடுத்தோம். கடைசியாக வாங்கிய மாத ஊதியம் எவ்வளவு என்று அதில் ஒரு கட்டம். பாஸ்புக்கின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரே மாதத்துக்கு மூன்று வரவு. 4,500 ரூபாய், மத்திய அரசு நிர்ணயித்த தொகை. அதை மத்தியும் மாநிலமும் 60-க்கு 40 என்று பகிர்ந்துகொள்கின்றன. 5,500 மாநில அரசு தன் பங்குக்குக் கூட்டித் தருவது. அப்புறம் 500, வேலையைப் பார்த்துத் தரும் ஊக்கத்தொகை. அந்த 4,500-க்கும் ஒரு கதை உண்டு. 2011-ல் அது 3,000 ஆனது. அடுத்த உயர்வு 2018 அக்டோபரில்தான். நடுவில் விலைவாசி ஏறியதற்காக அகவிலைப்படி என்று ஒரு ரூபாய்கூட கிடையாது. சம்பளம் என்றால் தானாக ஏறும். இது அறிவிப்பு வந்தால்தான் ஏறும்.

நான் 10,000 என்று எழுதினேன். 500-ஐ விட்டுவிட்டேன். அந்த 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஊதிய விளக்கத்தில் போனஸ், கமிஷன், வீட்டு வாடகைப்படி, அகவிலைப்படி தவிர மற்றப் படிகள் எதுவும் சேரவில்லை. ஊக்கத்தொகையை போனஸ் என்று சொல்லிவிடலாம், அந்த ஒரு பிடி கிடைத்தால் முழு விண்ணப்பத்தையும் இழுத்தடிப்பார்கள் என்று நினைத்தேன். 10,000-ஐ 26-ஆல் வகுத்து, 15 நாளால் பெருக்கி, 30 ஆண்டால் பெருக்கினால் 1,73,077 ரூபாய். 500-ஐயும் சேர்த்திருந்தால் இன்னொரு 8,654 வந்திருக்கும்.

இங்கே என் வேலையில் போனஸுக்கும் படிகளுக்கும்கூட மத்திய சேம நிதி, அதாவது மசே நிதி, கட்டியாக வேண்டும், ஒன்றை விட்டாலும் கேள்வி வரும். தம்பிக்கு அது தெரியும். அவன் வெளிநாட்டவன், அவனுக்கு மசே நிதியே கிடையாது என்பது வேறு விஷயம். "அம்மா பாரம் நிறுத்தாம, வீடு வீடா போகாம அந்த 500 வரலையே," என்றான். பிள்ளைகளை எடை பார்த்து, பதிவு ஏற்றி, அப்புறம் வந்த காசு. அவன் சொல்வதும் நியாயம். ஆனால் உழைத்து வாங்கினோம் என்பது மட்டும் சட்டத்துக்குப் போதாது என்று அப்போது பட்டது. இன்றும் பாதி அப்படித்தான் படுகிறது.

அவனுடைய அண்ணி ஆஷா என்ற அரசுச் சுகாதாரத் திட்டத்தின் பணியாளர். அவருக்கு வேலைக்கு வேலை காசு. பிறந்த குழந்தையை 42 நாளுக்குள் ஆறு முறை போய்ப் பார்த்தால் 250 ரூபாய். அவருக்கு 'கடைசி மாத ஊதியம்' என்று எதைக் காட்டுவது என்று கேட்டான். அந்தத் தீர்ப்பு ஆஷாவைத் தொடவில்லை என்று சொல்லி முடித்துக்கொண்டேன்.

நான் எந்தப் பிடியும் கொடுக்கவில்லை என்று நினைத்திருந்தேன். அலுவலகமே ஒரு பிடியைக் கண்டுபிடித்துக்கொண்டது. 5,500 மாநிலம் மனமுவந்து தருவது, கணக்கில் வராது என்று 4,500-க்கு மட்டும் போட்டு 77,885 ரூபாய் என்று பதில் அனுப்பினார்கள். அவ்வளவு பெரிய தொகையை வெட்டப்போகிறவர்களுக்காக 500-ஐ நானே வெட்டிக்கொடுத்திருக்கிறேன். அல்லது அந்த 500-ஐயும் சேர்த்திருந்தால் இந்தப் பதிலாவது வந்திருக்குமா?

அடுத்து, பணிக்கொடைத் தகராறை விசாரிக்கும் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு 'N' படிவம். இந்த முறையாவது 500-ஐச் சேர்க்கச் சொன்னான் தம்பி. இரண்டு படிவத்தில் இரண்டு தொகை இருந்தால் அதையே கேட்பார்கள் என்று சொல்லி மறுபடியும் 10,000 என்றே எழுதினேன். அதுதான் காரணமா, இல்லை, முதலில் எழுதியதைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேனா என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. விசாரணைக்கு இன்னும் தேதி கொடுக்கவில்லை.