அத்தை வடகமும் வராத காக்காவும்

நேத்து மத்தியானத்துலேருந்து எங்க வீட்ல காக்கா பேச்சுதான். வராத காக்கா, உக்காராத காக்கா, வடகத்துல வாயே வெக்காத காக்கா. அதுக்குத்தான் இத்தனை களேபரம்.

சித்திரை பொறந்தா அத்தை மொட்டை மாடிக்குக் குடி போயிடுவாங்கன்னு தெரிஞ்சதுதானே. இந்த வருஷம் புதுசா ஒரு முடிவு. "சும்மா குடுத்தே மாளல, இனிமே காசுக்குத்தான்"னு சொல்லிட்டாங்க. அப்பார்ட்மெண்ட் குரூப்ல படம் போட்டு ஆர்டர் எடுக்கறதா ஏற்பாடு. படம் எடுக்கற இலாகா இவருக்கு. என்னை யாரும் கேக்கல. ரெண்டு வருஷம் ஜாக்கெட் பிட்டு வித்து, தினமும் துணியைத் தரையில விரிச்சு மேலேருந்து படம் எடுத்தவ நான். ஆனா எங்க வீட்ல ஒரு விஷயம் எனக்குத் தெரியும்கறதே, அதை என்கிட்ட கேக்காம இருக்கறதுக்குப் போதுமான காரணம்.

இவர் மாடிக்குப் போனது பன்னிரண்டேகால் மணிக்கு. திருச்சியில, ஏப்ரல் மூணாவது வாரத்துல, பன்னிரண்டேகாலுக்கு. குளிச்சு முடிச்சு, கட்டம் போட்ட லுங்கியோட, வெறுங்காலோட போனாரு. கால் சுட்ட வேகத்துல பட்டுப்பட்டுனு எடுத்துட்டுக் குதிச்சுக் கீழ வந்து, சாப்பிட உக்காரும்போதே குரூப்ல போட்டாச்சு.

படத்தை நீங்க பாத்திருக்கணும். வெள்ளை வேட்டி, அதுல வரிசை வரிசையா கூழ் வடகம், நட்ட நடுவுல கன்னங்கரேல்னு போன் பிடிச்ச கையோட நிழல். போன் உடம்பு, ரெண்டு பக்கமும் விரிஞ்ச விரல் இறக்கை, கட்டைவிரல் மூக்கு. அச்சு அசலா காக்கா. மூணாவது மாடி அக்கா ஒரு நிமிஷம் கூட யோசிக்கல. "அம்மா, இது காக்கா வாய் வெக்கறதுக்கு முன்னாடி எடுத்ததா, வெச்ச அப்புறம் எடுத்ததா?" கீழ வரிசையா சிரிக்கற மூஞ்சி பதினஞ்சு.

அத்தைக்கு வந்துச்சே கோவம். கருப்புக் குடை விரிச்சு, நாலு மூலையிலயும் வரமிளகாய் போட்டு, மாமாவைக் கையில குச்சியோட தண்ணித் தொட்டி நிழல்ல உக்கார வெச்சுக் காவல் காத்த வடகம் அது. "என் வடகத்துல காக்காவா? அந்தப் பொண்ணுக்குப் போன மாசம் மோர் மிளகாய் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்"னு ஆரம்பிச்சவங்க, ரசம் முடியற வரைக்கும் நிறுத்தல.

நடுவுல மாமா வேற பேப்பரை எடுத்துட்டு வந்தாரு. "இந்த வாரம் நம்ம ஊர்ல நிழலே விழாத நாள்னு போட்டிருக்கான். ஊருக்கே நிழல் விழாதப்போ உனக்கு மட்டும் எப்படிடா விழுந்துச்சு?"

அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. பதில் சொல்லத்தான் ஆள் இல்ல. சித்திரை மொத வாரம் வாக்குல சூரியன் நம்ம ஊருக்கு நேர் உச்சியில வந்து நிக்கும். கொடிக்கம்பத்தோட நிழல் அதோட காலடிக்குள்ளயே அடங்கிடறதால, நிழல் இல்லைன்னு சொல்றாங்க. கையில பிடிச்ச போன் கம்பம் இல்லையே, அந்தரத்துல நிக்குது. அதோட நிழல் நேர் கீழ விழும். லென்ஸ் எங்க பாக்குதோ அதே இடத்துல, படத்தோட நடுவுல. வருஷத்துல ஒரு நாளைத் தேடிப்பிடிச்சு, அந்த நாள்லயும் ஒரு நிமிஷத்தைத் தேடிப்பிடிச்சுப் போனாக்கூட இவ்வளவு கச்சிதமா நிழல் நடுவுல விழாது.

சாப்பிட்டு முடிச்சதும் இவர் காக்காவை அழிக்க உக்காந்தாரு. ஸ்னாப்சீட்ல ஹீலிங்னு ஒண்ணு இருக்கு, விரலால தேய்ச்சா தேய்ச்ச இடம் மறைஞ்சிடும். மூஞ்சியில ஒரு பரு, சுவத்துல ஒரு ஆணின்னா பிரமாதமா வேலை செய்யும். அது செய்யறது என்னன்னா, பக்கத்து இடத்தைக் கொஞ்சம் எடுத்து, தேய்ச்ச இடத்துல ஒட்டும். ஒரு சாண் நீளத்துக்குக் காக்கா இருந்தா அது பாவம் என்ன பண்ணும்? பக்கத்துல இருந்த, வால் ஒடிஞ்ச வடகம் ஒண்ணைத் திருப்பித் திருப்பி ஒட்டி வெச்சிருச்சு. எங்க பாத்தாலும் அதே ஒடிஞ்ச வால். கையால பிழியற வடகம் ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காதுன்னு நம்ம குரூப்ல இருக்கற ஜனத்துக்குத் தெரியாதா? "மெஷின்ல போட்டதா?"ன்னு ஒருத்தர் கேட்டாரு. அத்தை தேன்குழல் அச்சைக் கையில எடுத்துட்டு வெளிய கிளம்பினாங்க. நான்தான் கதவைச் சாத்தினேன்.

அடுத்தது, நிழலை அழிக்காம வெளிச்சமாக்கற திட்டம். அதே ஆப்புல பிரஷ்னு ஒண்ணு. எக்ஸ்போஷரை ஏத்தி வெச்சு நிழல் மேல தேய்ச்சாரு. கருப்பு போச்சு. போன இடத்துல நீலம் வந்துச்சு. வெள்ளை வடகத்து மேல சாம்பல் நீலத்துல ஒரு படை. அத்தை கண்ணாடியை மாட்டிட்டுப் பாத்துட்டு ஒரே வார்த்தைதான் சொன்னாங்க: "பூசணம்."

காக்கா வாய் வெச்சதுன்னாலும் பரவாயில்ல, எச்சில்னு நாலு பேர் ஒதுக்குவாங்க. பூசணம் பிடிச்சதுன்னு பேர் வந்தா அதோட யாவாரம் முடிஞ்சுது.

அது ஏன் நீலமாச்சுங்கறீங்க? வெயில் படற வேட்டிக்கு வெளிச்சம் சூரியன்லேருந்து வருது, அதுல மஞ்சள் சாயல் உண்டு. நிழலுக்குள்ள சூரியன் வராது. அங்க இருக்கற கொஞ்ச நஞ்ச வெளிச்சமும் ஆகாசத்துலேருந்து வர்றது, அது நீலம். இருட்டா இருக்கற வரைக்கும் அந்த நீலம் கண்ணுக்குத் தெரியாது, ஏத்தினா பல்லை இளிச்சுடும். அதே பிரஷ்ல டெம்பரேச்சர்னு இருக்கு. மொதல்ல அதை வெச்சு நிழலுக்குள்ள மட்டும் மஞ்சளைக் கொஞ்சம் ஏத்திட்டு, அப்புறமா எக்ஸ்போஷரைத் துளித்துளியா ஏத்தணும். அப்பவும் ஓரம் காட்டிக் குடுக்கும். வெயில் நிழலோட ஓரம் ரொம்பக் கூர்மை, அரை விரக்கடை கூட மங்கல் இருக்காது. பிரஷ் அந்தக் கோட்டைத் தாண்டினா வெளிய ஒரு வெள்ளை வளையம், தாண்டலைன்னா உள்ள ஒரு கருப்பு வளையம். வெறும் துணின்னா எப்படியாவது ஒப்பேத்திடலாம். வடகத்து மேல, ஒவ்வொரு இழையா, எவன் உக்காந்து தேய்க்கறது?

அதனால வந்த நிழலை அழிக்கறதைவிட வராம எடுக்கறதுதான் புத்தின்னு நான் அடுப்படியிலேருந்து சொன்னேன். மிக்ஸி ஓடிட்டிருந்துச்சு, யார் காதுலயும் விழல.

இன்னிக்குக் காலைல ஆள் ஆபீஸ் போன அப்புறம் நானே போனேன். ஒன்பது மணிக்கே போயிருந்தா இன்னும் சுலபம். அப்போ நம்ம நிழல் ஏறக்குறைய நம்ம உயரத்துக்கு நீளமா இருக்கும், போன் நிழலும் அதே கணக்குல தள்ளித்தான் விழும். ஆனா ஒன்பது மணிக்கு இந்த வீட்ல எனக்கு ஏது கை? டிபன், டப்பா, பொடியனோட காணாமப்போன ஒத்தை சாக்ஸ் எல்லாம் முடிஞ்சு மேல ஏறும்போது பத்தரை. என் நிழல் என் உயரத்துல பாதிதான் இருந்துச்சு.

இங்கதான் கணக்கு. போனை வடகத்துக்கு ரெண்டடி மேல பிடிச்சா, படத்துல விழற இடத்தோட அகலம் ரெண்டடி, நீளம் ரெண்டே முக்கால் அடி வாக்குல இருக்கும். பத்தரை வெயில்ல போன் நிழல் நடுவுலேருந்து ஓரடி தள்ளி விழும். சரியா படத்தோட விளிம்பு. பாதி உள்ள, பாதி வெளிய. அதுக்கு இன்னும் கீழ போறதா, ஓரத்தை வெட்டறதான்னு எல்லாரும் குழம்புவாங்க. ஒண்ணும் வேணாம். கையை நீட்டி நாலடிக்கு ஏத்திட்டு ரெண்டு மடங்கு ஜூம் வெச்சா போதும். படத்துக்குள்ள விழற இடம் அதேதான், கூடறதும் இல்ல, குறையறதும் இல்ல. நிழல் மட்டும் ரெண்டடி தள்ளிப் போயிடும். கையும் கூடவே போயிடும்.

இன்னொண்ணு, நிக்கற பக்கம். சூரியனை முதுகுக்கு வெச்சு எடுன்னு சின்ன வயசுலேருந்து சொல்லிக் குடுத்திருக்காங்க இல்ல, கல்யாண குரூப் போட்டோவுக்கு அது சரி. தரையில விரிச்சதை மேலேருந்து எடுக்க அப்படி நின்னா நம்ம தலைதான் மொதல்ல படத்துக்குள்ள வந்து விழும். திரும்பி, சூரியனைப் பாத்து நிக்கணும். உடம்பு நிழல் முதுகுப் பக்கம் போயிடும், போன் நிழல் நம்ம காலைப் பாத்து வரும். வெயிலும் படத்தோட மேல்பக்கத்துலேருந்து விழும், வடகம் எடுப்பா எழும்பித் தெரியும். முதுகு காட்டி எடுத்தா மேடு எல்லாம் பள்ளமா தெரியறது தனிக் கூத்து. கண்ணு கூசும், அதைப் பொறுத்துக்கணும். கிழக்கைப் பாத்து நின்னு, திரையில வேட்டி மேல ஒரு தட்டு தட்டி, வெளுத்துப் போகாம வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கிட்டு எடுத்தேன். ஒவ்வொரு வடகத்துக்கும் பக்கத்துல அதோட சொந்த நிழல் மெலிசா. அதை மட்டும் தொடவே கூடாது, அழிச்சா வடகம் ஆகாசத்துல மிதக்கும். காக்கா இல்ல, பூசணம் இல்ல, ஒடிஞ்ச வாலு ஒண்ணே ஒண்ணுதான்.

குரூப்ல போட்டேன். மூணாவது மாடி அக்கா உடனே: "நெட்ல எடுத்த படமா?"

அத்தைகிட்ட காட்டினா, பாத்துட்டு, "நல்லாத்தான் இருக்கு. அவன் எடுத்ததா?"ன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லல. அரைமணி நேரத்துல ஆபீஸ்லேருந்து இவர் குரூப்ல பதில் போட்டிருக்காரு: "ஒரிஜினல் படம்தான், வெளிச்சக் கோணம் முக்கியம்." கீழ எல்லாரும் கைதட்டு. மூணாவது மாடி அக்காவும் அரைக் கிலோ சொல்லிட்டாங்க, காக்கா பேர்ல ஏதாவது குறைச்சுப்பீங்களான்னு ஒரு கேள்வியோட. சாயங்காலத்துக்குள்ள அத்தனையும் போயிடுச்சு. வீட்டுக்குக் கொஞ்சம் வெச்சிருக்கலாமேன்னேன். "உனக்கு வேணும்னா அடுத்த ஈடு, காசு முன்னாடியே குடுத்துடு"ன்னு அத்தை.

கைதட்டு குடுத்த தெம்புல, ராத்திரி மோர் மிளகாயையும் இவரே எடுத்துப் போட்டுட்டாரு. ஹால் டியூப் லைட்டுக்கு அடியில, போனை நல்லா ஏத்திப் பிடிச்சு ஜூம் வெச்சிருக்காரு, யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க போல. நிழல் சுத்தமா இல்ல. ஆனா மிளகாயை வெச்சது எவர்சில்வர் தாம்பாளத்துல. சும்மா பளபளன்னு இருக்கற தாம்பாளத்துக்கு நிழல் எதுக்கு? ஆளே தெரியறாரு. அதுக்கு வெயில் கணக்கு, ஜூம் கணக்கு ஒண்ணும் உதவாது, தாம்பாளத்தை எடுத்துட்டு மூங்கில் முறத்துல கொட்டினாத்தான் ஆச்சு. அது எனக்குச் சீர் வந்த தாம்பாளம். விளிம்புல எங்கப்பா பேர் வெட்டியிருக்கு. அந்தப் பேருக்கு நேர் கீழ, ஓட்டை பனியனோட, போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு எங்கப்பாவோட மாப்பிள்ளை.

ஊர்லேருந்து அம்மா பாத்துட்டாங்க. "மாப்பிள்ளைக்குப் புது பனியன் எடுத்துக் குடுக்கக் கூடாதாடி?"ன்னு என்னைத் திட்டறாங்க.