ஒரே டீல், ரெண்டு ஏஜென்ட், ஒரு பான் நம்பர்

சென்னையில ஒரு புரோக்கரேஜ் ஆபீஸ்ல கணக்கு பாக்குற வேலை எனக்கு. ஏஜென்டுங்க ரெண்டு பேர் சேர்ந்து ஒரு டீல் முடிச்சா சண்டை எப்பவும் உனக்கு எவ்ளோ எனக்கு எவ்ளோன்னுதான் வரும், ஆனா நான் பாத்தவரைக்கும் பணம் நிஜமா தப்பா போற இடம் அது இல்ல.

2024 டிசம்பர்ல மடிப்பாக்கத்துல ஒரு ரீசேல் பிளாட், விலை 80 லட்சம். ஓனரை கொண்டுவந்தது ஒரு சீனியர், வாங்குற பார்ட்டியை கூட்டிட்டு வந்தது புதுசா சேர்ந்த ஒரு பையன். ஓனர் 2% தர்றதா பேச்சு, அதாவது 1,60,000, அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி 28,800. ரிஜிஸ்ட்ரேஷன் முடிஞ்ச அன்னிக்கு ஆபீஸ் அக்கவுண்ட்ல 1,88,800 விழுந்துச்சு. ஓனர் தனிநபர், பிசினஸும் கிடையாது, அதனால எங்களுக்கு குடுக்குறப்போ டிடிஎஸ் புடிக்கவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்ல. (வாங்கினவர் விலையில 1% புடிச்சு கட்டினார்ல, அது வீட்டு விலை மேல ஓனருக்கு புடிச்சது, நம்ம கமிஷனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, இதை எத்தனை பேருக்கு சொல்லியிருப்பேன்னு தெரியல.)

பையன் அந்த 1,88,800ஐ கேள்விப்பட்டு அதுலேர்ந்து தன் பங்கை கணக்கு போட்டு வச்சிருந்தான். ஜிஎஸ்டி 28,800 அரசாங்கத்துக்கு போற காசுப்பா, அது நமக்கு வந்ததாவே நெனைக்கக்கூடாதுன்னேன். மிச்சம் 1,60,000ல ஆபீஸ் கட் 40%, 64,000 போயிடும். மீதி 96,000. ரெண்டு பேரும் பாதி பாதின்னு முன்னாடியே பேசிக்கிட்டாங்க, ஆளுக்கு 48,000. அதுல டிடிஎஸ் 2%, 960 ரூபா, கைக்கு வர்றது 47,040. 2024 அக்டோபர் 1க்கு முன்னாடியா இருந்தா 5%, அதாவது 2,400 போயிருக்கும்.

இதுவரைக்கும் சரி. சீனியர் என்ன பண்ணார்னா, மொத்தத்தையும் என் அக்கவுண்ட்லயே போட்டுடுங்க, தம்பிக்கு நான் குடுத்துக்கறேன்னுட்டார், எங்க ஆபீஸ்லயும் அது பழக்கம்தான், ஆபீஸ் ஓனரும் சரின்னுட்டார். 96,000ல 1,920 புடிச்சு 94,080 சீனியருக்கு போச்சு. அவர் பையனுக்கு ஜிபேல 47,040 அனுப்பி, டிடிஎஸ் போக இவ்ளோன்னு மெசேஜும் போட்டுட்டார். பாக்க எல்லாம் நியாயமாதான் இருக்கு, இல்லையா?

ஆனா அந்த 1,920 முழுசும் சீனியரோட பான்ல ஏறப்போகுது. பையன் கொடுத்த 960 பையன் பேர்ல எங்கயும் இருக்காது, அவன் பான்ல புடிச்ச வரியை காட்டுற 26ஏஎஸ் வெறுமையா இருக்கும். அவன் வருஷ வருமானத்துக்கு டாக்ஸே வராது, ரிட்டர்ன் போட்டா அந்த 960 அப்படியே ரீஃபண்டா வரணும், வராது. சீனியருக்கும் இது லாபம்னு சொல்ல முடியாது, அவர் கணக்குல 96,000 வருமானம்னு காட்டும், அவர் 48,000 மட்டும் காட்டினா மீதி எங்கன்னு கேள்வி வரும், அப்புறம் தம்பிக்கு குடுத்தேன்னு ஆதாரத்தை தேடி ஓடணும்.

நல்லவேளையா ஜனவரியில, யாருக்கு எவ்ளோ டிடிஎஸ் புடிச்சோம்னு ஆபீஸ் மூணு மாசத்துக்கு ஒருதடவை போடுற 26க்யூ ரிட்டர்னை ஃபைல் பண்றதுக்கு முன்னாடியே பையன் என்கிட்ட வந்து அண்ணா எனக்கு டிடிஎஸ் புடிச்சதுக்கு 16ஏ சர்டிபிகேட் எப்போ வரும்னு கேட்டான், அப்பதான் பட்டுச்சு. அந்த குவார்ட்டருக்கு கடைசி தேதி ஜனவரி 31. சலான் 1,920க்கு கட்டியாச்சு, அதுல ஒன்னும் மாத்தவேண்டாம், ரிட்டர்ன்ல அந்த தொகையை யார் யார் பேர்ல பிரிக்கறோம்ங்கறதுதான் விஷயம். பையனோட பங்கை அவன் சார்பா சீனியர் வாங்கினார்னு ரெண்டு பேர்கிட்டயும் லெட்டர் வாங்கி, ஆடிட்டர்கிட்ட காட்டி, ஆளுக்கு 48,000, ஆளுக்கு 960ன்னு ரெண்டு வரியா போட்டோம். ஃபைல் பண்ணினப்புறம் தெரிஞ்சிருந்தா கரெக்‌ஷன் ஸ்டேட்மென்ட் போடணும், அதுவும் முடியும், ஆனா அதுக்கு ஆபீஸ் ஓனரை நடக்க வைக்கறது பையனால ஆகிற காரியமா?

இப்போ டோக்கன் அட்வான்ஸ் வாங்குற அன்னிக்கே ரெண்டு ஏஜென்டுங்ககிட்டயும் பங்கு எவ்ளோ, எந்த தொகை மேல, யார் பான் நம்பர்னு வாட்ஸப்ல எழுதி வாங்கிடறேன், பான் ஆதாரோட லிங்க் ஆகியிருக்கான்னும் பாத்துடறேன், ஏன்னா பான் செயலிழந்து கெடந்தா 2% இல்ல 20%, அதே 48,000ல 9,600 போயிடும், பக்கத்துல நிக்கிறவனுக்கு 960 மட்டும்தான் போயிருக்கும். அப்பவும் சார் என் பங்கை வைஃப் அக்கவுண்ட்ல போட்டுடுங்கன்னு ஒருத்தராவது வருவார். வேலை செஞ்சவர் பேர்லதான் போடுவோம், அங்க இருந்து யாருக்கு வேணா அனுப்பிக்கோங்கன்னு சொல்லி அனுப்பிடறேன்.