சயானும் குர்லாவும் ஒட்டிக்கொண்டன: மும்பை வார்டு டைல் மேப், மூன்றாவது முயற்சி

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு ஸ்க்ரிப்ட்டை ஓட்டினேன். ஒரு வரிகூடத் திரையில் வரவில்லை. தப்பான ஜோடி இருந்தால் மட்டும் எழுது என்று சொல்லி வைத்த ஸ்க்ரிப்ட் அது. ஆறு வாரமாக, பாந்த்ரா ஈஸ்ட் வார்டையும் சயான் வார்டையும் குறிக்கும் `H/E F/N` என்ற ஒரே வரியைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. அது போய்விட்டது. மும்பையின் 24 வார்டுக்கும் ஆளுக்கொரு சதுரம், பக்கம் ஒட்டும் சதுரங்கள் எல்லாம் நிஜத்திலும் அக்கம்பக்கத்து வார்டுகள். இந்தச் சந்தோஷத்தில்தான் எழுதுகிறேன்.

ஆரம்பித்த காரணம் சி வார்டு. கல்பாதேவி, புலேஷ்வர் பக்கம். 2 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இடத்தில் 2011 கணக்குப்படி சுமார் 1.66 லட்சம் பேர். மக்கள் நெருக்கத்துக்கு நிறம் பூசிய சாதாரண வரைபடத்தில் மிக அடர்ந்த நிறம் வரவேண்டிய வார்டுகளில் அதுவும் ஒன்று. ஆனால் போனில் பார்த்தால் அது அரிசி மணி அளவுதான் தெரிகிறது. பாண்டுப், விக்ரோலி, பவாய் எல்லாம் சேர்ந்த எஸ் வார்டு சுமார் 64 சதுர கிலோமீட்டர். அதில் 7.4 லட்சம் பேர் இருக்கிறார்கள் என்றாலும் காடும் ஏரியும் உப்பளமும் இருப்பதால் நெருக்கம் குறைவு, நிறமும் வெளிர். ஆகப் பார்க்கிறவர் கண்ணில் படுவதெல்லாம் வெளிர் நிறம்தான். ஆளுக்கொரு சமச் சதுரம் கொடுத்தால் இந்தச் சிக்கல் தீரும்.

முதல் முயற்சியைக் கணினியிடமே விட்டேன். ஒவ்வொரு வார்டின் மையப்புள்ளியையும் எடுத்து, மொத்த நகர்வு குறைவாக இருக்கும்படி கட்டங்களில் உட்கார வைக்கச் சொன்னேன். `scipy`-யில் `linear_sum_assignment` இருக்கிறதே, அதுதான். மும்பைக்கு அது சரிப்படவே இல்லை. தெற்கே ஏ, பி, சி, டி, இ ஐந்தும் சில கிலோமீட்டருக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. வடக்கே மலாடு, முலுண்டு எல்லாம் கைகால் நீட்டிப் படுத்திருக்கின்றன. எல்லோருக்கும் ஒரே அளவு சதுரம் என்றதும் தெற்கே இருப்பவை ஒன்றையொன்று தள்ள ஆரம்பித்தன. சி வார்டு, மலபார் ஹில் இருக்கும் டி வார்டையும் தாண்டிக் கடலுக்குள் போய் நின்றது. அளவு ஓரளவு சமமாக இருக்கும் ஊர்களுக்கு இந்த வழி போதும். தீபகற்பத்துக்குப் போதாது.

அப்புறம் பழைய வழிக்கே வந்தேன். கட்டம் போட்ட கணக்கு நோட்டு, கத்தரிக்கோல், 24 துண்டு. தீவுப் பகுதிக்கு இரண்டு பத்தி போதும் என்று உடனே தெரிந்துவிட்டது. மேற்கே டி, ஜி சவுத், ஜி நார்த். கிழக்கே இ, எஃப் சவுத், எஃப் நார்த். சி-யும் பி-யும் பக்கத்தில் பக்கத்தில், அடியில் ஏ. மேற்குப் புறநகரில் தஹிசரிலிருந்து கோரேகாவ் வரை ஒற்றைப் பத்தி. இதெல்லாம் அரைமணி நேர வேலை.

மீதி ஆறு வாரமும் போனது ஒரே இடத்தில்: எச் ஈஸ்ட் என்ற பாந்த்ரா ஈஸ்ட், எல் என்ற குர்லா, தாராவியும் மாஹிமும் இருக்கும் ஜி நார்த், சயான் இருக்கும் எஃப் நார்த். நாலு வார்டு கிட்டத்தட்ட ஒரு முனையில் வந்து முட்டும் இடம் அது. சதுரத்துக்குப் பக்கம் நாலுதான். நாலு சதுரம் ஒரு புள்ளியில் சந்தித்தால் எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டு ஜோடி மூலையில் மட்டும்தான் தொட்டுக்கொள்ள முடியும். எந்த ஜோடியை மூலைக்கு அனுப்புவது என்பதுதான் முழுப் பிரச்சினையும். இரண்டாவது முயற்சியில் இப்படி வைத்திருந்தேன்:

```
K/W  K/E  S    .
H/W  H/E  L    N
G/N  F/N  M/W  M/E
G/S  F/S  .    .
```

பார்க்க அழகாகத்தான் இருந்தது. மேற்கு ரயில் பாதையில் வருகிறவர் பாந்த்ராவிலிருந்து மாஹிமுக்கு நேர்கீழே இறங்கலாம். ஆனால் எச் ஈஸ்ட்டும் எஃப் நார்த்தும் தோளோடு தோள் ஒட்டி நின்றன. நிஜத்தில் பாந்த்ரா ஈஸ்ட்டும் சயானும் தொடுவதே இல்லை. நடுவில் தாராவி ஒரு பக்கம், குர்லா மறுபக்கம். ஒட்டவேண்டிய இந்த இரண்டு ஜோடிகளும் மூலைக்குப் போய்விட்டன.

இதைக் கண்டுபிடிக்க எழுதியதுதான் அந்தச் சின்ன ஸ்க்ரிப்ட். `pos` என்பது வார்டிலிருந்து கட்டத்துக்கு, `grid` என்பது கட்டத்திலிருந்து வார்டுக்கு, `touch` என்பது நிஜத்தில் ஒட்டியிருக்கும் ஜோடிகள்.

```python
for a, (r, c) in pos.items():
    for b in (grid.get((r, c+1)), grid.get((r+1, c))):
        if b and frozenset((a, b)) not in touch:
            print(a, b)
```

`touch` பட்டியலைத் தயார் செய்வதில் ஒரு பள்ளம் இருக்கிறது, விழாதீர்கள். `geopandas`-இல் `touches` போட்டு எடுக்கலாம் என்று நினைத்தேன். என்னிடம் இருந்த வார்டு எல்லைக் கோப்பில் மாஹிம் ஓடையை எந்த வார்டிலும் சேர்க்காமல் வெட்டி விட்டிருந்தார்கள். அதனால் தாராவியும் பாந்த்ரா ஈஸ்ட்டும் தொடவில்லை என்றே பதில் வந்தது. சில இடங்களில் இரண்டு எல்லைக் கோடுகளுக்கு நடுவே முடி அளவு இடைவெளி. சரி, எல்லாவற்றையும் `EPSG:32643`-க்கு மாற்றி நூறு மீட்டர் ஊதிப் பெருக்கினேன். இப்போது ஓடையைத் தாண்டி ஒட்டிக்கொண்டன, ஆனால் தெற்கே தொடக்கூடாத ஜோடிகளும் சேர்ந்துவிட்டன. அங்கே நூறு மீட்டர் என்பது பெரிய தூரம். கடைசியில் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஜோடிகளைக் கையாலேயே எழுதினேன். 24 வார்டுக்கு ஒரு மாலை நேரம் போதும். கையால் எழுதுவதே சரி என்பது என் தீர்மானம்.

விடை வந்தது தாராவியிலிருந்து. எங்களுக்கு மசாலாச் சாமான் கொடுக்கும் அண்ணாச்சி, திருநெல்வேலிக்காரர், வீட்டுக்கு வந்தபோது மேஜைமேல் பரப்பியிருந்த துண்டுகளைப் பார்த்தார். எது எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "தம்பி, எங்க வீட்ல இருந்து மித்தி ஆத்தத் தாண்டுனா பாந்த்ரா ஈஸ்ட்டுதான். நீங்க அத மூலைல வச்சிருக்கீங்க. சயான் ஸ்டேஷன் விட்டா அடுத்து குர்லா. அதுவும் மூலைல கெடக்கு" என்றார்.

"பாந்த்ராவையும் மாஹிமையும் மேல கீழ வைக்கணுமே அண்ணாச்சி."

"அத மூலைல வைங்க. நடுவுல கடல்பாலந்தான இருக்கு."

அவர் சொன்னது மாஹிம் காஸ்வேயை. அவர் போனதும் கீழ்ப்பாதி முழுவதையும் அப்படியே ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்த்தினேன். ஜி நார்த் போய் எச் ஈஸ்ட்டுக்குக் கீழே உட்கார்ந்தது. எஃப் நார்த் குர்லாவுக்குக் கீழே. செம்பூர் இருக்கும் M/W, காட்கோபர் இருக்கும் N வார்டுக்குக் கீழே, அதுவும் நிஜம்தான். முழு அமைப்பு இது:

```
R/N  .    .    .    .
R/C  .    .    .    .
R/S  .    .    .    .
P/N  .    .    .    .
P/S  .    T    .    .
K/W  K/E  S    .    .
H/W  H/E  L    N    .
.    G/N  F/N  M/W  M/E
.    G/S  F/S  .    .
.    D    E    .    .
.    C    B    .    .
.    A    .    .    .
```

பக்கம் ஒட்டும் ஜோடிகள் 30. முப்பதும் நிஜம். முன்பு 31 இருந்தன, அதில் ஒன்று பொய். எச் வெஸ்ட்–ஜி நார்த், குர்லா–செம்பூர், காட்கோபர்–மான்குர்த் மூன்றும் மூலைக்குப் போயின. மூலையிலாவது தொடுகின்றன, அது எனக்குச் சம்மதம். பொய்யான ஒட்டுதல்தான் சம்மதமில்லை.

இதற்குக் கொடுத்த விலையும் இருக்கிறது. நிஜத்தில் A வார்டில் இருக்கும் கொலாபா பாந்த்ராவைவிடச் சற்று மேற்கே இருக்கிறது, என் படத்தில் கிழக்கே போய்விட்டது. T வார்டான முலுண்டு மாநகரின் கிழக்கு ஓரத்தில் இருப்பது, இங்கே நடுப்பத்தியில் நிற்கிறது. அதை வலப்பக்கம் தள்ளினால் எஸ் வார்டோடு இருக்கும் ஒட்டு அறுந்துவிடும். கோரேகாவும் எஸ் வார்டும் ஆரே காலனிப் பக்கம் ஒட்டுவதும் படத்தில் இல்லை. அந்த இடத்தில் இரண்டாம் பத்தி காலியாகக் கிடக்கிறது. அதை நிரப்பாமலே விட்டிருக்கிறேன். மேலே சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா இருக்கும் பக்கம் அது, வெற்றுக் கட்டம் பொருத்தமாகவே தெரிகிறது.

நெருக்கத்துக்கு நிறம் பூசிப் பார்த்தேன். சி வார்டு இப்போது எஸ் வார்டுக்குச் சமமான சதுரம், சதுர கிலோமீட்டருக்கு எண்பதாயிரம் பேருக்கு மேல் என்பது கன்னங்கரேலென்று கண்ணில் அறைகிறது. ஆனால் இதே படத்தில் வெறும் ஆள் எண்ணிக்கையைப் போடாதீர்கள். மலாடு இருக்கும் P/N வார்டில் 9.4 லட்சம் பேர், தெற்கே B வார்டில் 1.27 லட்சம். இரண்டும் ஒரே சதுரம் என்பதால், பெரிய வார்டு என்பதற்காகவே பெரிய எண் வருகிறது என்பதை உணர்த்தப் படத்தில் எதுவும் இல்லை. விகிதமாக மாற்றிய எண்களுக்கே இது உதவும்.

கோப்பை `name,code,row,col` என்ற நாலு பத்தியில் வைத்திருக்கிறேன். ஆர் நிரல்மொழி பயன்படுத்துகிறவர்கள் `geofacet`-இல் அப்படியே கொடுத்தால் ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் ஒரு குட்டி வரைபடம் வரும்.

இதைச் சுவரில் மாட்டும் காந்தப் பலகையாகச் செய்வதாகத்தான் திட்டம். காந்தத் தாளுக்கு அப்துல் ரஹ்மான் தெருவில் அலைந்தேன். முதலில் வாங்கிய தாள் அரை மில்லிமீட்டர். மேலே அச்சடித்த அட்டையை ஒட்டியதும் எடை தாங்காமல் வழுக்கிக்கொண்டே இறங்குகிறது. கடைக்காரர் நன்றாக நிற்கும் என்று அடித்துச் சொல்லித்தான் கொடுத்தார். ஒரு மில்லிமீட்டர் தாள் இரண்டு கடை தள்ளிக் கிடைத்தது. ஐந்து சென்டிமீட்டர் சதுரம் அசையாமல் நிற்கிறது. இதுவரை ஒன்பது சதுரம் வெட்டியாயிற்று. ஸ்டீல் ஸ்கேலை வைத்துக் கட்டரால் மூன்று தடவை லேசாகக் கீறுங்கள், ஒரே அழுத்தாக அழுத்தினால் ஓரம் சுருண்டுவிடும்.

மலாடு இருக்கும் P/N வார்டை இப்போது இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். 2011 எண்கள் பழைய 24-க்குத்தான் இருப்பதால் நான் அதிலேயே நிற்கிறேன். புது எண்கள் வந்தால், காலியாக இருக்கும் நாலாம் வரிசை இரண்டாம் பத்தியில் கிழக்கு மலாடு தானாக உட்கார்ந்துவிடும். அதைப் பார்த்ததும் இன்னும் சந்தோஷம்.

அடுத்தது தமிழ்நாடு, 38 மாவட்டம். நேற்றே நோட்டில் கிறுக்க ஆரம்பித்துவிட்டேன். 2019-க்கு முன்பு 32 இருந்தபோது செய்திருந்தால் சுலபம். இப்போது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவேண்டும், கீழே திருவண்ணாமலை மூன்றையும் தொடவேண்டும். ஒரு சதுரத்துக்கு மேல்பக்கம் ஒன்றுதான். இரண்டு மூலைக்குப் போகும், எவை என்று முடிவு செய்யவில்லை. ஜோலார்பேட்டைப் பக்கத்து ஆட்கள் யாராவது இருந்தால், திருப்பத்தூருக்கு வேலூர் ஒட்டு முக்கியமா, திருவண்ணாமலை ஒட்டு முக்கியமா என்று சொல்லுங்கள். பாக்கி பதினைந்து சதுரத்தையும் ஞாயிற்றுக்கிழமை வெட்டிவிடுவேன்.